மூன்று வருஷக் கணக்கு: ஆரணி அரிசி ஆலை ஒன்றின் இரண்டு முதலீடுகள்

பின்னணி

ஆரணிக்கு வெளியே, களமும் குடோனுமாக இருக்கும் ஒரு குடும்ப அரிசி ஆலை. இன்றைய வரைபடத்தில் அது திருவண்ணாமலை மாவட்டம். 1989-இல் பழைய வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து இத்தனை வருஷம் ஆகியும், ஆலையின் பெரியவர் கடிதத்தில் "வ.ஆ. மாவட்டம்" என்றுதான் போடுவார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் மெஷின், கரண்ட், ஆட்கள் பக்கம். இளையவர் விற்பனை, வசூல் பக்கம். நான் வேலூரில் இருந்துகொண்டு இவர்களுக்குச் செலவுக் கணக்கும் வங்கிக்கான திட்ட அறிக்கையும் போட்டுக் கொடுப்பவன். ஆட்களின் பெயரும் ஆலையின் பெயரும் இதில் இல்லை. தொகைகளைப் படிக்க வசதியாக லட்சத்துக்கு அருகில் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆலை ஒரு நாளைக்கு 20 டன் நெல் அரைக்கும். அவித்து, டிரையரில் காயவைத்து, அரைத்துப் புழுங்கலாக மூட்டை போடுவார்கள். நவரை, சொர்ணவாரி, சம்பா என்று போகம் மாறி மாறி வருவதால் வருஷம் முழுக்க ஓட்டம் உண்டு. ஆனால் அறுவடை இறங்கும் வாரங்களில் கையில் ரொக்கம் இல்லாவிட்டால் நல்ல நெல் அடுத்த ஆலைக்குப் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், பெரியவர் சொன்னதெல்லாம் பிடிவாதமாகத் தெரியாது.

2018: இரண்டு கொட்டேஷன்கள்

2018 நடுவில் ஒரே மாதத்தில் இரண்டு கொட்டேஷன்கள் மேசைக்கு வந்தன.

இளையவர் கொண்டுவந்தது கலர் சார்ட்டர். அரிசி சரிவான தடங்களில் விழுந்துகொண்டிருக்கும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கருப்பு, பழுப்பு, கல் என்று எது கண்ணில் பட்டாலும், எஜெக்டர் ஒரு துளிக் காற்றை அடித்து அந்த மணியை மட்டும் வெளியே தள்ளும். பக்கத்தில் நின்றால் மழைத்தூறல் தகரத்தில் விழுவது மாதிரி "டிக் டிக்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸரோடு சேர்த்து 30 லட்சம். சார்ட்டர் அரிசிக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வருஷத்துக்கு 1,500 டன் உயர் ரகத்தை இப்படி விற்றால் 15 லட்சம் வரும். கரண்ட், சர்வீஸ், கழிவோடு சேர்ந்து போகும் நல்ல அரிசி என 3 லட்சத்தைக் கழித்தால், கையில் நிற்பது 12 லட்சம்.

மூத்தவர் கொண்டுவந்தது குடோன் கூரைமேல் 100 கிலோவாட் சோலார். விலை 44 லட்சம். ஒரு நாளைக்குச் சராசரியாக 400 யூனிட். பொங்கல், ஆயுத பூஜை, பழுது நாள்கள் எல்லாம் போக 325 நாள் ஆலை ஓடும் என்று வைத்தார். ஆலை ஓடாத நாளில் உற்பத்தியாகும் கரண்டுக்கு அவர் ஒரு பைசாகூடப் போடவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. 1,30,000 யூனிட், யூனிட்டுக்கு 6.35 ரூபாய் மேனிக்கு எட்டேகால் லட்சம் மிச்சம். பேனல் கழுவும் கூலி, இன்ஷூரன்ஸ் போக 8 லட்சம்.

இரண்டையும் சேர்த்தால் 74 லட்சம். அந்த வருஷம் வங்கி தரத் தயாராக இருந்த கடனும் கையிருப்பும் சேர்ந்து அதற்குப் போதவில்லை. ஏதோ ஒன்றுதான் முடியும்.

பெரியவரின் விதி

"எது மொதல்ல காச திருப்பித் தரும்?" பெரியவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். இதைத்தான் பாடப்புத்தகம் பேபேக் காலம் என்கிறது, அதாவது போட்ட முதல் திரும்பும் காலம். சார்ட்டருக்கு 30-ஐ 12-ஆல் வகுத்தால் இரண்டரை வருஷம். சோலாருக்கு 44-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தரை வருஷம்.

"மூணு வருஷத்துக்குள்ள அசலு கைக்கு வரணும். அப்பாலிக்கு வர்றதெல்லாம் லாபந்தான்" என்றார். அவர் அப்பா காலத்திலிருந்து வரும் விதி அது. களத்துக்கு சிமெண்ட் போட்டதிலிருந்து லாரி வாங்கியது வரை எல்லாமே இந்த மூன்று வருஷக் கோட்டுக்குள் வந்தவைதான்.

மூத்தவர் விடவில்லை. "நைனா, சோலாரு இருவத்தஞ்சு வருஷம் ஓடும். அந்த மெஷினு எத்தினி வருஷம் ஓடும்?"

"பத்து வருஷம் கழிச்சு இந்த மில்லு இருக்குமானு யாருக்குத் தெரியும்?" என்றார் பெரியவர். பேச்சு அங்கே நின்றுபோனது. என்னை வரச் சொன்னார்கள்.

நான் சேர்த்த வட்டி

பேபேக் கணக்கின் முதல் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்தாம் வருஷம் வரும் எட்டு லட்சத்தையும் முதல் வருஷம் வரும் எட்டு லட்சத்தையும் அது ஒரே எடையாக வைக்கிறது. இடையில் ஓடும் வட்டி அதன் கண்ணில் படாது. அதனால் டிஸ்கவுண்டட் பேபேக் போட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். தள்ளுபடிக் காரணி அட்டவணையைக் கொண்டுபோய்ப் பெரியவர் முன் வைத்தால் வேலைக்கு ஆகாது. அதையே கடன் நோட்டாக எழுதினேன். இன்று 44 லட்சம் கடன் வாங்குகிறோம். வருஷக் கடைசியில் 12 சதவீதம் வட்டி ஏறும், அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி. சோலாரில் மிச்சமாகும் எட்டு லட்சத்தை அப்படியே கடனில் கட்டுகிறோம். பாக்கி எந்த வருஷம் பூஜ்ஜியம் ஆகிறது? வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டிக்கொண்டே போனாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்போம். இரண்டும் ஒரே கணக்குதான்.

சோலாரின் நோட்டு இப்படி வந்தது (லட்சத்தில்):

| வருஷம் | வட்டி ஏறியபின் | கட்டியது | பாக்கி |
|---|---|---|---|
| 1 | 49.28 | 8 | 41.28 |
| 2 | 46.23 | 8 | 38.23 |
| 3 | 42.82 | 8 | 34.82 |
| 4 | 39.00 | 8 | 31.00 |
| 5 | 34.72 | 8 | 26.72 |
| 6 | 29.93 | 8 | 21.93 |
| 7 | 24.56 | 8 | 16.56 |
| 8 | 18.54 | 8 | 10.54 |
| 9 | 11.81 | 8 | 3.81 |
| 10 | 4.27 | 4.27 | 0 |

பத்தாம் வருஷத்தின் பாதியில் கடன் தீர்கிறது. வட்டியில்லாமல் ஐந்தரையாக இருந்தது, வட்டியோடு ஒன்பதரை. முதல் வருஷத்தைப் பாருங்கள்: எட்டு லட்சம் கட்டியும் அசலில் குறைந்தது 2.72 லட்சம்தான். மீதி வட்டிக்கே போய்விட்டது.

சார்ட்டரின் நோட்டு சின்னது. 30 லட்சம் கடன் மூன்றாம் வருஷக் கடைசியில் 1.65 லட்சமாக இறங்கி, நாலாம் வருஷம் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்தது. இரண்டரை வருஷம் என்பது மூன்று வருஷம் இரண்டு மாதமாக நீண்டது. அவ்வளவுதான்.

பெரியவர் ஒரு கேள்வி கேட்டார்: "இதுல பதினாலு லட்சம் நம்ம காசு. நம்ம காசுக்கு எதுக்குத் தம்பி வட்டி?" நியாயமான சந்தேகம். அந்தக் காசு பெட்டியில் தூங்கும் காசு அல்ல. நெல் வாங்க வங்கியில் வைத்திருக்கும் கேஷ் கிரெடிட் கடனில் கட்டினால் அவ்வளவு வட்டி மிச்சமாகும். கூரைமேல் போட்டுவிட்டால் அந்த மிச்சம் போச்சு. இதைச் சொன்னதும் தலையாட்டினார்.

எடுத்த முடிவு

இப்போது திரும்பிப் பார்த்தால் நான் செய்த தவறு இந்த இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. வட்டியைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். "வட்டியோடு பார்ப்பதால் மூன்று வருஷ விதியை நாலு வருஷமாகத் தளர்த்திக்கொள்ளலாம்" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த நாலுக்கு எந்தக் கணக்கும் இல்லை. மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவே. சார்ட்டர் 3.2, உள்ளே. சோலார் 9.5, வெளியே.

முதல் கணக்கில் சோலார் கோட்டைவிட இரண்டரை வருஷம் தள்ளி நின்றது. என் கணக்கில் ஐந்தரை வருஷம் தள்ளிப் போனது. வட்டி என்பது வருஷத்துக்கு வருஷம் ஏறுவதால், நீண்ட காலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் திட்டத்தைத்தான் அது அதிகம் தள்ளும். அந்தத் திட்டத்தின் பலமே கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வட்டியைச் சேர்த்துவிட்டு, கோட்டுக்கு அப்பால் பார்க்காமல் விட்டால் சோலாருக்கு இரட்டை அடி. மூத்தவர் என் டேபிளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு, வட்டியும் சேர்த்தாச்சு, இனி என்ன பேசுவது? முன்னைவிடக் கூடுதல் நம்பிக்கையோடு சார்ட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று சார்ட்டரை எடுத்ததற்கு வேறு ஒரு நல்ல காரணமும் இருந்தது. முதல் இரண்டு வருஷத்திலேயே பெரும்பகுதிக் காசு கைக்குத் திரும்பும், அது நெல் கொள்முதலுக்கு உதவும். ரொக்கம் எவ்வளவு காலம் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதைச் சொல்ல பேபேக் காலத்தைவிட எளிய அளவுகோல் இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "எது லாபம்" என்ற கேள்விக்கு விடையாகவே அந்த எண்ணை எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

2019 முதல் 2024 வரை நடந்தது

2019 ஜனவரியில் சார்ட்டர் ஓட ஆரம்பித்தது. முதல் வருஷம் பதினொன்றரை லட்சம், இரண்டாம் வருஷம் 12 லட்சம். கணக்கு சொன்னபடியே வந்தது. இளையவர் கடைக்காரர்களிடம் அரிசியை உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார்; ஒரு கருப்பு மணி கிடைக்காது.

2021-இல் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆலைகளும் சார்ட்டர் போட்டுவிட்டன. சார்ட்டர் அரிசி என்று தனியாகக் கேட்டு வாங்கிய கடைக்காரர்கள், "சார்ட்டர் இல்லாத அரிசியா, வேணாம்" என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு ரூபாய் கூடுதல் என்பது எழுபது பைசா, ஐம்பது பைசா என்று இறங்கியது. அந்த வருஷம் 8 லட்சம். 2022-இல் 5 லட்சம். 2023-இல் 3 லட்சம் வந்தது. ஆனால் அந்த வருஷம்தான் மெஷினும் மக்கர் செய்தது. கம்ப்ரஸர் காற்றில் ஈரம் சேர்ந்து எஜெக்டர்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. கருப்பு மணி நல்ல அரிசியோடு போனது, நல்ல அரிசி கழிவோடு போனது. கழிவு மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், பாதிக்குமேல் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். எஜெக்டர் பலகை, விளக்கு, ஏர் டிரையர் எல்லாம் மாற்ற 5 லட்சம். 2024-இல் மறுபடி 3 லட்சம்.

வட்டியில்லாத கணக்கில் சார்ட்டர் ஜெயித்துவிட்டது. 11.5, 12, 8 என்று மூன்றாம் வருஷம் முடிவதற்குள் முப்பது லட்சமும் வந்துவிட்டது. பெரியவரின் விதி பலித்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்குத் தனி மாலை.

வட்டியோடு எழுதிய நோட்டு வேறு கதை சொல்கிறது. மூன்றாம் வருஷக் கடைசியில் பாக்கி 6.28 லட்சம். நாலாம் வருஷம் 2.04 லட்சமாக இறங்கி, தீரப் போகிறது என்று நினைக்கும்போது, ஐந்தாம் வருஷ ரிப்பேரால் 4.28 லட்சமாக ஏறியது. ஆறாம் வருஷக் கடைசியில் 1.79 லட்சம் பாக்கி. மெஷினை அன்று விற்றால் கிட்டத்தட்ட அந்தத் தொகை கிடைத்திருக்கும். ஆறு வருஷம் ஓடி, சரிக்குச் சரி.

இடையில் 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. பில் வந்த அன்று மூத்தவர் எனக்கு அதை போட்டோ எடுத்து அனுப்பினார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நோட்டை மறுபடி திறந்தபோது

2024 கடைசியில் மீண்டும் உட்கார்ந்தோம். இந்த முறை இரண்டு நோட்டையும் கடன் தீரும் வருஷத்தோடு மூடாமல், சாமான் வாழும் காலம் முழுக்க எழுதினேன்.

சோலார் 25 வருஷம். பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் தேயும் என்று வைத்தேன். பன்னிரண்டாம் வருஷம் இன்வெர்ட்டர் மாற்ற 6 லட்சம் வைத்தேன். கட்டண உயர்வைச் சேர்க்கவில்லை, 2018-இல் எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்தேன். வட்டி, அசல் எல்லாம் போக, 2018 மதிப்பில் சுமார் 15 லட்சம் மிஞ்சுகிறது. நிகர நிகழ்கால மதிப்பு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். சார்ட்டர் நடந்தபடி எழுதினால் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே.

பெரியவரின் பழைய கேள்வியையும் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஆலையையே மூடிவிட்டால்? சோலாரைப் பன்னிரண்டாம் வருஷத்தோடு நிறுத்திப் பார்த்தேன். பேனலைப் பழைய இரும்பு விலைக்குக்கூட விற்கவில்லை என்று வைத்தாலும் நாலரை லட்சம் மிச்சம் வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. டிஸ்கவுண்டட் பேபேக் தரும் எண்ணை நாங்கள் வேகத்தின் அளவாகப் படித்திருந்தோம்: 3.2 வருஷத்தில் தருவது கெட்டி, 9.5 வருஷத்தில் தருவது மந்தம். அது வேகமே அல்ல. இந்தத் திட்டம் குறைந்தபட்சம் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதற்கான கெடு அது. 9.5-ஐ 3.2-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. 9.5-ஐ பேனலின் ஆயுளோடு ஒப்பிட வேண்டும்: 25 வருஷ வாரண்டி உள்ள சாமான் ஒன்பதரை வருஷம் தாங்குமா? தாங்கும். 3.2-ஐ எதோடு ஒப்பிடுவது? மெஷினின் ஆயுளோடு என்று நினைத்தால் தப்பு. மெஷின் எட்டு வருஷம்கூட ஓடலாம். சம்பாதித்துத் தந்தது மெஷின் இல்லை, கிலோவுக்கு ஒரு ரூபாய் என்ற வித்தியாசம். அந்த வித்தியாசம் மூன்று வருஷம் இரண்டு மாதம் நிற்குமா என்பதுதான் கேள்வி. ஊரில் எத்தனை ஆலை சார்ட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறது என்று இளையவரிடம் விசாரித்திருந்தாலே பாதி பதில் கிடைத்திருக்கும். முழு வித்தியாசம் இரண்டு வருஷம்தான் நின்றது.

இந்தக் கெடுவும் முழுக்க நம்பக்கூடியது அல்ல. சார்ட்டரின் நோட்டில் நாலாம் வருஷம் ஒரு மூன்று லட்சம் கூடுதலாக வந்திருந்தால் கடன் அப்போதே தீர்ந்திருக்கும், "வட்டியோடு நாலு வருஷத்தில் திரும்பியது" என்று எழுதி நோட்டை மூடியிருப்போம். அடுத்த வருஷ ரிப்பேர் அதைத் திரும்பக் கடனுக்குள் தள்ளியிருக்கும். பின்னால் பெரிய செலவு காத்திருக்கும் திட்டத்தில் டிஸ்கவுண்டட் பேபேக் கடந்துவிட்டது என்பதே ஒரு பொய்யான நிம்மதி. அப்படி ஒரு செலவு இல்லாவிட்டால் மட்டும், கடன் தீர்ந்த திட்டம் நஷ்டத்தில் முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். வட்டியில்லாத பேபேக் அந்த உறுதியைக்கூடத் தராது. எங்கள் சார்ட்டர் அதற்கு நேர் சாட்சி.

மூன்று வருஷ விதி எங்கிருந்து வந்தது என்பதும் அன்று பேச்சில் வெளிவந்தது. பெரியவரின் அப்பா நெல்லுக்குக் கடன் வாங்கியதெல்லாம் கைமாற்று, ரெண்டு வட்டி. அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். அந்த வட்டியில் சோலார் நோட்டை எழுதிப் பார்த்தேன். 44 லட்சத்துக்கு முதல் வருஷ வட்டியே 10.56 லட்சம். கட்டுவதோ எட்டு லட்சம். பாக்கி வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, என்றைக்கும் தீராது. ரெண்டு வட்டியில் நாலு வருஷம் இரண்டு மாதத்துக்கு மேல் பேபேக் உள்ள எந்தத் திட்டமும், வருமானம் சமமாக வரும்வரை, கடனை அடைக்கவே முடியாது. மூன்று வருஷத் திட்டமே ஆறு வருஷத்தில்தான் அடைக்கும். அந்தக் காலத்துக்கு அது மிகச் சரியான விதி. வட்டி பாதியாகக் குறைந்த பிறகும் விதி மட்டும் அப்படியே வீட்டில் தங்கிவிட்டது.

இதைக் கேட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க நைனா கணக்குத் தெரிஞ்சவருதான்" என்றார் பிறகு.

இன்று செய்தால் மாற்றுவது

அறிக்கையில் இரண்டு பேபேக்கையும் இன்றும் போடுவேன். முதலாவதை ரொக்கப் பக்கத்தில்: அடுத்த இரண்டு நவரைக்கு நெல் வாங்கக் காசு இருக்குமா என்ற கேள்விக்கு எதிரே. இரண்டாவதைக் கெடுவாக, அதன் பக்கத்திலேயே "வருமானம் எதனால் வருகிறது, அது எவ்வளவு காலம் நிற்கும்" என்று ஒரு கட்டம் போட்டு. எதை எடுப்பது என்பதை முழு ஆயுள் நோட்டில் மிஞ்சும் தொகை சொல்லட்டும். நாலு வருஷம் என்ற கோட்டை நான் இனி எங்கும் கிழிக்க மாட்டேன்.

சார்ட்டரைப் பற்றிய என் கணக்கிலும் ஒரு குறை உண்டு. நான் அதன் வருமானத்தை 2018-இன் ஆலையோடு ஒப்பிட்டேன். சார்ட்டர் வாங்காமல் விட்டிருந்தால் 2022-இல் அந்த ஆலை 2018 மாதிரி இருந்திருக்காது. உயர் ரக அரிசியைக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துத்தான் தள்ளியிருக்க வேண்டும். அந்த நஷ்டத்தைத் தவிர்த்ததும் சார்ட்டரின் வரவுதான். அப்படி எழுதினால் சார்ட்டர் லாபத்தில் முடிகிறது. அதனால் சார்ட்டர் வாங்கியது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அது ஓட்டத்தில் பின்தங்காமல் இருக்கக் கட்டிய காசு. அதைச் சோலாரோடு ஒரே கோட்டில் ஓடவிட்டு, தோற்றதை மூட்டைகட்டி வைத்ததுதான் தப்பு. சார்ட்டரை 2019-இல் போட்டு, முதல் இரண்டு வருஷ வரவை வைத்து 2021-இல் சோலார் போட்டிருக்கலாம். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் சோலார் "பெயில்" என்று என் அறிக்கையே சொல்லியிருந்தது.

வருமான வரியை இரண்டு நோட்டிலும் சேர்க்கவில்லை. சோலாருக்குத் தேய்மானக் கழிவு 40 சதவீதம், சாதாரண மெஷினுக்கு 15. சேர்த்திருந்தால் சோலார் இன்னும் முன்னால் வந்திருக்கும்.

பின்குறிப்பு

2025 தொடக்கத்தில் அதே குடோன் கூரையில் 100 கிலோவாட் ஏறியது. இந்த முறை 41 லட்சம். காத்திருந்ததில் மூன்று லட்சம் குறைந்தது. ஆறு வருஷ மிச்சத்தை விட்டதற்கு அது ஈடாகாது என்று மூத்தவர் இரண்டு தடவை சொன்னார். இளையவர் அதைக் கேட்காத மாதிரி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெரியவர் கடையிலிருந்து ஒரு சிவப்புத் துணி அட்டை நோட்டு வாங்கிவரச் சொல்லி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு "சோலாரு" என்று எழுதினார். மேலே 41 லட்சம், பக்கத்தில் வட்டிக்கு ஒரு கட்டம், கட்டியதற்கு ஒரு கட்டம். பத்து வரி கோடு போட்டுவிட்டு ஸ்கேலைக் கீழே வைத்த மூத்தவரிடம், "எங்க நிறுத்தற? இருவத்தஞ்சும் போடு" என்றார்.